தொட்டால் கறுக்கும் திரை: கோளாறு கேபிளிலா, போர்ட்டிலா?

ஹெச்டிஎம்ஐ கேபிளில் லேசாகக் கை பட்டாலே திரை கறுத்துப்போகிறது. கையை எடுத்த இரண்டு மூன்று விநாடியில் படம் திரும்பி வருகிறது. டிவிக்குப் பின்னால் தூசி துடைக்கும்போதோ, மேசையில் லேப்டாப்பைச் சற்றே நகர்த்தும்போதோ இது நடக்கும். உடனே எல்லோரும் செய்வது புதுக் கேபிள் வாங்குவது. அதில் சரியாகிவிட்டால் கேபிள் கெட்டிருந்தது என்று முடிவு கட்டுகிறோம். சரியாகாவிட்டால் போர்ட் போய்விட்டது என்று கவலைப்படுகிறோம்.

இரண்டு முடிவுமே தவறாக இருக்கலாம். போர்ட் தளர்ந்திருந்தாலும் புதுக் கேபிள் சில வாரங்களுக்கு ஒழுங்காக வேலை செய்யும். போர்ட் நன்றாக இருந்தாலும், வாங்கி வந்த புதுக் கேபிளே தரமற்றதாக இருந்தால் அதே கோளாறு தொடரும். கேபிளை மாற்றிப் பார்ப்பது சோதனையின் ஒரு பகுதிதான், அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை அறியாமல் மதர்போர்டு மாற்றும் அளவுக்குப் போனவர்களைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பழைய விஜிஏ கேபிளின் இரு பக்கமும் திருகு இருக்கும். திருகி இறுக்கிவிட்டால் இழுத்தாலும் அசையாது. 2002-ல் வந்த ஹெச்டிஎம்ஐ-யின் வழக்கமான பிளக்கில் திருகும் கிடையாது, பூட்டும் கிடையாது. பிளக்கின் உலோகக் கூட்டின் அகலம் 13.9 மில்லிமீட்டர், அது நுழையும் போர்ட்டின் உள்ளகலம் 14 மில்லிமீட்டர். போர்ட்டின் கூட்டில் இருக்கும் சின்னச் சின்ன ஸ்பிரிங் தகடுகள் பிளக்கை அழுத்திப் பிடிப்பதால்தான் அது வெளியே வராமல் இருக்கிறது. அந்தப் பிடியை நம்பி உள்ளே 19 பின்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. பத்தாயிரம் முறை செருகி எடுத்தாலும் தாங்க வேண்டும் என்பதுதான் இந்த போர்ட்டுக்கு வகுக்கப்பட்ட அளவு. ஆனால் அது நேராகச் செருகி நேராக எடுப்பதற்கான கணக்கு. கனத்த கேபிள் ஒன்று மேசை விளிம்பிலிருந்து தொங்கி, நாள் முழுக்க பிளக்கைக் கீழே இழுத்துக்கொண்டிருப்பது அந்தக் கணக்கில் வராது.

ஒரு நொடிக்கும் குறைவாகத் தொடர்பு அறுந்தாலும் திரை ஏன் இரண்டு மூன்று விநாடி கறுத்துக் கிடக்கிறது என்று கேட்கலாம். அந்தக் காரணம் நம் சோதனைக்கு மிகவும் உதவும். 19 பின்களில் 12 பின்கள் படத்தையும் ஒலியையும் கொண்டுபோகும் நான்கு ஜோடிக் கம்பிகளுக்கும் அவற்றின் காப்புக்கும் உரியவை. மீதமுள்ளவை இரு கருவிகளும் ஒன்றையொன்று அறிந்துகொள்வதற்கானவை. அவற்றில் 19-வது பின் முக்கியமானது. டிவி இணைக்கப்பட்டிருக்கிறது என்று லேப்டாப்புக்கோ செட்டாப் பாக்ஸுக்கோ சொல்வது அதுதான். அந்தப் பின்னில் தொடர்பு விட்டுப்போனால், டிவியை யாரோ கழற்றிவிட்டார்கள் என்றே லேப்டாப் எடுத்துக்கொள்கிறது. தொடர்பு மீண்டதும், இது என்ன டிவி, எந்த ரெசல்யூஷனை ஏற்கும் என்பதையெல்லாம் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. திருட்டுப் பதிவைத் தடுக்கும் ரகசியக் குறியீட்டையும் தேவைப்பட்டால் மறுபடி பரிமாறிக்கொள்கிறது. அதெல்லாம் முடிந்த பிறகே படம் வரும். அந்த இரண்டு மூன்று விநாடி இதற்குத்தான் செலவாகிறது.

படம் கொண்டுபோகும் ஜோடிகளில் ஒன்று மட்டும் தடுமாறினால் காட்சி வேறுமாதிரி இருக்கும். திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுமினுக்கும், அல்லது படம் ஒரு கணம் மறைந்து உடனே வரும். சில சமயம் நிறம் திரிந்து இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ தெரியும். அப்போது லேப்டாப்புக்குத் தொடர்பு விட்டதே தெரியாது. லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதை எளிதில் பிரித்தறியலாம். வெளி மானிட்டரில் நாலைந்து விண்டோக்களைத் திறந்து வைத்துவிட்டுக் கேபிளை அசையுங்கள். திரை கறுக்கும்போது அந்த விண்டோக்கள் லேப்டாப்பின் சொந்தத் திரைக்குத் தாவினால் 19-வது பின் போன்ற ஒன்று விட்டுப்போகிறது என்று பொருள். பெரும்பாலும் கருவி கழன்றதற்கான ஒலியும் கூடவே கேட்கும். விண்டோக்கள் இருந்த இடத்திலேயே இருந்து படம் மட்டும் போனால், படக் கம்பிகளில்தான் தடுமாற்றம். சிக்னல் போனதும் தாமாகவே இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும் மானிட்டர்களும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். தேடலை எங்கே தொடங்குவது என்று இது காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

இனி முக்கியமான சிக்கலுக்கு வருவோம். 'கேபிளைத் தொட்டேன்' என்கிறோம். உண்மையில் அப்போது இரண்டு அசைவுகள் ஒன்றாக நடக்கின்றன. பிளக்கை ஒட்டிய கழுத்துப் பகுதியில் கேபிள் வளைகிறது. அதே நேரத்தில் போர்ட்டுக்குள் பிளக்கும் ஆடுகிறது. கேபிளுக்குள் கம்பி அறுந்திருந்தால் முதல் அசைவில் படம் போகும். போர்ட் தளர்ந்திருந்தால் இரண்டாவது அசைவில் போகும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இந்த இரண்டு அசைவுகளையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். திரையில் அசையும் படம் ஏதாவது ஓடட்டும். ஒரு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைப் பிடித்து, லேப்டாப்பின் உடலோடு சேர்த்து அசையாமல் அழுத்திக்கொள்ளட்டும். மறு கையால், பிளக்கிலிருந்து நாலு விரல்கடை தள்ளி, கேபிளை மேலும் கீழும் இடமும் வலமும் மெதுவாக வளையுங்கள். பிளக் துளியும் ஆடக் கூடாது. இந்த நிலையில் திரை கறுத்தால் குற்றவாளி கேபிள்தான். உள்ளே இருக்கும் கம்பிகள் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் கனம்தான். பிளக்கின் ரப்பர்க் கழுத்து முடிகிற இடத்தில் அவை திரும்பத் திரும்ப மடிந்து, தோல் அறாமலே உள்ளே அறுந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கேபிள் புத்தம் புதிதாகவே தெரியும். கழுத்தில் ஒன்றும் ஆகாவிட்டால் கேபிள் நெடுக இதேபோல் வளைத்துக்கொண்டே போங்கள். நாற்காலிச் சக்கரம் ஏறிய இடமோ, கதவிடுக்கில் நசுங்கிய இடமோ அகப்படலாம்.

அடுத்தது இதன் மறுபக்கம். இப்போது கேபிளைச் சுருட்டி மேசைமேல் தளர்வாகக் கிடக்க விடுங்கள், அது எதையும் இழுக்கக் கூடாது. பிளக்கை மட்டும் பிடித்து ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மேலே தூக்கியும் கீழே அழுத்தியும் பாருங்கள். பலம் காட்ட வேண்டாம், விரல் நுனியின் அழுத்தமே போதும். இதில் திரை போனால் சந்தேகம் போர்ட் பக்கம் சாய்கிறது. ஆனாலும் முடிந்துவிடவில்லை. பிளக்கின் உள்ளேயே கம்பியும் பின்னும் சேரும் பற்றவைப்பு விட்டிருந்தாலும் இதே விளைவு வரும்.

அதை அறிய, கேபிளைக் கழற்றி முனை மாற்றிப் போடுங்கள். லேப்டாப்பில் இருந்த முனை டிவிக்கும், டிவியில் இருந்தது லேப்டாப்புக்கும் போகட்டும். கோளாறு முனையோடு சேர்ந்து டிவி பக்கம் இடம்பெயர்ந்தால் கேபிளின் அந்த முனைதான் கெட்டிருக்கிறது. முனை மாறியும் அதே லேப்டாப் பக்கம் தொட்டால்தான் திரை போகிறது என்றால் போர்ட்டைத்தான் பார்க்க வேண்டும். கோளாறு எதனோடு கூடவே நகர்கிறது என்று பார்க்கும் இந்த ஒரு சோதனை, பத்து கேபிள் வாங்கிப் பார்ப்பதைவிட நம்பகமானது. நீண்ட ஆப்டிகல் கேபிள்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றின் முனைகளில் எது அனுப்பும் பக்கம், எது திரைப் பக்கம் என்று குறித்திருக்கும். திருப்பிப் போட்டால் படமே வராது.

மதுரையில் எனக்குத் தெரிந்த வரி ஆலோசகர் ஒருவருக்கு நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். பகலெல்லாம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர்களின் கடைகளுக்குப் போவார். மாலையில் வீடு திரும்பி, 24 அங்குல மானிட்டரோடு இணைத்துக் கணக்குப் பார்ப்பார். லேப்டாப்பை நகர்த்தினாலே மானிட்டர் கறுக்கத் தொடங்கியது. புதுக் கேபிள் வாங்கினார், சரியாகிவிட்டது. சில வாரங்களில் மறுபடி அதே தொல்லை. இன்னொரு கேபிள் வாங்கினார், அதிலும் அதுவே. பிறகு சர்வீஸ் கடைக்குப் போனார்.

"மதர்போர்டு மாத்தணும்னு சொல்றாங்க தம்பி. அந்தக் காசுக்குப் பழைய லேப்டாப்பே ஒண்ணு வாங்கிடலாம்," என்றார்.

"மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துருவோம் அண்ணே. பழைய கேபிளைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"அலமாரியிலதான் கிடக்கு."

அந்தப் பழைய கேபிள்தான் எங்களுக்குச் சாட்சியாக அமைந்தது. அதை வீட்டு டிவிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் இடையே போட்டு, பிளக்கைப் பிடித்துக்கொண்டு இரு முனையிலும் வளைத்துப் பார்த்தோம். படம் இம்மியும் அசங்கவில்லை. ஆக முதலில் குற்றம் சாட்டப்பட்ட கேபிளில் ஒரு குறையும் இல்லை. பிறகு லேப்டாப்புக்கு வந்தோம். பிளக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேபிளை வளைத்தால் ஒன்றும் ஆகவில்லை. பிளக்கைச் சற்றுத் தூக்கியதும் மானிட்டர் கறுத்தது, விண்டோக்கள் எல்லாம் லேப்டாப் திரைக்குத் தாவின. மானிட்டர் பக்கத்துப் பிளக்கை அசைத்தால் மாற்றம் எதுவும் இல்லை. கேபிளை முனை மாற்றிப் போட்டோம். அப்போதும் லேப்டாப் பக்கம்தான் கோளாறு.

போர்ட்டிலும் இரண்டு வகைக் கோளாறு உண்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பிளக்கை மெதுவாக ஆட்டும்போது, போர்ட் நின்ற இடத்திலேயே நின்று பிளக் மட்டும் உள்ளே லொடலொடவென்று ஆடினால் ஸ்பிரிங் தகடுகள் தளர்ந்திருக்கின்றன. பிளக்கோடு சேர்ந்து போர்ட்டின் உலோகக் கூடே லேப்டாப் ஓட்டைக்குள் மேலும் கீழும் போய்வந்தால் அது போர்டிலிருந்தே விடுபட்டுக்கொண்டிருக்கிறது. பொதுவாக இந்தக் கூடு நான்கு கால்களால் போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். பக்கவாட்டு இழுவை முழுவதையும் தாங்குவது அந்த நான்கு கால்கள்தான். அவற்றில் ஒன்றிரண்டின் சால்டர் விரிசல் விட்டதும் பாரம் முழுக்க 19 பின்களின் நுண்ணிய சால்டர்மேல் விழுகிறது. அவற்றில் ஏதோ ஒன்று தொட்டும் தொடாமலும் நிற்கும்.

அவருடைய லேப்டாப்பில் பார்த்தது இரண்டாவது வகை. போர்ட் சற்றே தலை சாய்ந்திருந்தது. மேலே இருந்த இடைவெளி கீழே இருந்ததைவிட அகலம். புதுக் கேபிள் முதலில் சரிப்படுத்தியது எப்படி என்பதும் அப்போது புரிந்தது. புதுக் கேபிள் பழையதைவிட மெல்லியது, இழுவை குறைவு. அதனால் விரிசல் மூடிய நிலையிலேயே போர்ட் நின்றிருக்கிறது. தினமும் செருகி எடுக்க எடுக்க விரிசல் பெரிதாகி, மெல்லிய கேபிளின் பாரத்துக்கே திறந்துகொள்ளத் தொடங்கிவிட்டது. மேசை விளிம்பில் தொங்கிய பழைய கனத்த கேபிள் இத்தனை நாளும் கடப்பாரைபோல போர்ட்டை நெம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

இதற்கு மதர்போர்டு மாற்றத் தேவையில்லை. சிப் அளவில் வேலை செய்கிற கடையில், போர்டைக் கழற்றி, நான்கு கால்களையும் மறுபடி சால்டர் செய்து, பின்களை மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்துச் சரிசெய்வார்கள். போர்ட்டே சிதைந்திருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பார்கள். பாகம் மலிவுதான், கூலிதான் கூடுதல். போர்டில் பின்கள் அமரும் செம்புத் தடங்கள் பெயர்ந்து வந்திருந்தால் வேலை கடினம், சில சமயம் முடியாமலும் போகும். அதனால் ஆடுகிற போர்ட்டை, பிளக்கின் கீழே காகிதத்தை மடித்துச் சொருகியோ ரப்பர்பேண்டு போட்டோ மாதக்கணக்கில் ஓட்டுவது நல்லதல்ல. ஒவ்வொரு ஆட்டமும் தடத்தைச் சிறிது சிறிதாகப் பெயர்க்கிறது. அவசரத்துக்கு வேறு வழி இருக்கலாம். பல லேப்டாப்களில் யுஎஸ்பி-சி போர்ட் வழியாகவும் படம் வெளியே வரும். அதற்கான அடாப்டரைக் கொஞ்ச நாள் பயன்படுத்தி ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

டிவி சுவரில் மாட்டியிருந்தால் சோதனை சற்றுச் சிரமம். டிவிக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையாது, கேபிளும் அங்கே செங்குத்தாக மடங்கி இறுகியிருக்கும். கேபிள் அறுவதற்கு அதுவே ஏற்ற இடம் என்பதால் முதல் சந்தேகம் அங்கே கேபிள்மேல்தான் இருக்க வேண்டும். டிவியில் இரண்டு மூன்று ஹெச்டிஎம்ஐ போர்ட் இருப்பது இங்கே பெரிய வசதி. அதே கேபிளை அடுத்த போர்ட்டுக்கு மாற்றுங்கள், வளைவு முன்புபோலவே இருக்கட்டும். கோளாறு கூடவே வந்தால் கேபிள், நின்றுவிட்டால் பழைய போர்ட். வளைவும் சேர்ந்து மாறிவிட்டால் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. பின்பக்கம் இடம் குறைவாக இருந்தால் எல் வடிவ அடாப்டர் போடலாம். மேல்நோக்கித் திரும்புவது, கீழ்நோக்கித் திரும்புவது என்று அதில் இரண்டு வகை இருப்பதால் எது தேவை என்று பார்த்து வாங்குங்கள்.

மாற்றிப் பார்க்கக் கொண்டுவருகிற கேபிளும் தகுதியானதாக இருக்க வேண்டும். முழு ஹெச்டி படம் விநாடிக்கு 60 முறை மாறும்போது ஒவ்வொரு ஜோடிக் கம்பியிலும் விநாடிக்கு 148.5 கோடி துணுக்குகள் ஓடுகின்றன. அதுவே முழுத் தரத்தில் 4கே என்றால் 594 கோடி. முழு ஹெச்டியில் பழுதில்லாமல் ஓடும் சாதாரணக் கேபிள் 4கே-யில் தொட்டதற்கெல்லாம் தடுமாறலாம். ஆகவே 4கே டிவியில் கோளாறு என்றால் ரெசல்யூஷனை முழு ஹெச்டிக்கு இறக்கிவிட்டு ஒருமுறை சோதியுங்கள். விண்டோஸில் Settings, System, Display என்று போனால் Display resolution இருக்கும். இறக்கியதும் தொட்டாலும் படம் போகவில்லை என்றால், எதுவும் முழுதாக அறுந்திருக்கவில்லை; கேபிளின் தரமோ பின்களின் தொடர்போ 4கே வேகத்துக்குப் போதவில்லை. இறக்கிய பிறகும் முன்போலவே போனால் எங்கோ உண்மையாகவே விட்டுப்போகிறது.

கேபிளும் போர்ட்டும் சரியாக இருந்தும் தொட்டால் திரை போவது மூன்றாவது வகை. பலரும் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. விரலால் தொட்டால் போகிறது. அதே இடத்தை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் ஸ்கேலாலோ அதே அளவு அழுத்தினால் போகவில்லை. அப்படியென்றால் படத்தைக் கெடுப்பது அசைவு அல்ல, மின்சாரம். எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் ஓடும் லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் சிலருக்கு விறுவிறுப்பு தெரியும். அந்தக் கசிவு கேபிளின் வெளிக்காப்பு வழியாகத்தான் டிவிக்குப் போகிறது. காப்புக்கும் பிளக்கின் கூட்டுக்கும் தொடர்பு சரியில்லாத கேபிளில், கையிலுள்ள நிலைமின்னூட்டமோ இந்தக் கசிவோ சிக்னலோடு கலந்து படத்தைக் கெடுக்கிறது. பக்கத்தில் மின்விசிறியோ ஃபிரிட்ஜோ ஓடத் தொடங்கும்போதும் திரை கறுத்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. லேப்டாப் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கோளாறு நின்றால் போர்ட்டைப் பிரிக்க வேண்டாம். மூன்று பின் அடாப்டரை எர்த் உள்ள சாக்கெட்டில் போடுங்கள். காப்பு நன்றாக அமைந்த கேபிளுக்கு மாறுங்கள். சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்ப்பதும் அவசியம்.

கடலோர ஊர்களில் இன்னொன்றும் நடக்கும். பின்கள்மேல் உப்புக் காற்று படிந்து, பிளக் இறுக்கமாக இருந்தும் தொடர்பு நழுவும். கருவிகள் எல்லாவற்றின் மின்இணைப்பையும் துண்டித்துவிட்டு, ஐசோபிரோபைல் ஆல்கஹாலைப் பிளக்கில் சிறிது தடவி நாலைந்து முறை செருகி எடுத்து, நன்றாக உலர்ந்த பிறகு போட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகு கோளாறு நின்றால் அழுக்குதான் காரணம். ஊசி, சேஃப்டி பின் எதையும் போர்ட்டுக்குள் விடாதீர்கள். உள்ளே நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்தால் போர்ட் அதோடு முடிந்தது.

கேபிள்தான் கெட்டது என்று உறுதியானால் அதைச் சரிசெய்ய முயல வேண்டாம். மெல்லிய கம்பிகளை வெட்டி ஒட்டினாலும் ஜோடிகளின் முறுக்கும் இடைவெளியும் பழையபடி அமையாது, படம் தடுமாறும். இரண்டாகக் கத்தரித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள், அலமாரிக்குள் திரும்பிப் போனால் அடுத்த வருடம் யாராவது எடுத்து மாட்டுவார்கள். பிளக்கின் உலோகக் கூடு நசுங்கியோ விரிந்தோ இருந்தால் அதைச் சோதனைக்காகக்கூட வேறு போர்ட்டில் செருகாதீர்கள், நல்ல போர்ட்டின் ஸ்பிரிங்குகளையும் அது விரித்துவிடும். கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் 'தொட்டால் போகுது' என்று மட்டும் சொல்லாமல், பிளக்கைப் பிடித்துக்கொண்டு கேபிளை வளைத்தபோது என்ன ஆனது, முனை மாற்றியபோது கோளாறு எந்தப் பக்கம் போனது, போர்ட் ஆடுகிறதா இல்லையா என்ற மூன்றையும் சொல்லுங்கள். போர்ட் மாற்றி வாங்கும்போது, கடையிலேயே கேபிளைச் செருகி, பிளக்கைத் தூக்கியும் அழுத்தியும் திரை நிற்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.